எழுத்தும் பேச்சும் ஒரே திரையில்

மென்பொருள் நிறுவனங்கள் ஆட்சேர்ப்பிற்காக இன்று நடத்தும் நேர்முகப் பரீட்சைகளுள் ஒரு வகை, பழைய நேர்முகப் பரீட்சையினின்றும் அடிப்படையிலேயே வேறுபடுவது. பரீட்சகரும் விண்ணப்பதாரியும் ஒரே அறையில் இருப்பதில்லை. காணொளி வழியாக ஒருவர் முகத்தை மற்றவர் காண்பர். அதற்கு அருகே, இருவரது திரையிலும் ஒரே எழுத்துத் தளம் திறந்திருக்கும். அதனைப் பகிர்வு எடிற்றர் என்பர். ஒருவர் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் தட்டிய மறுகணமே மற்றவர் திரையிலும் தோன்றும். அங்கே ஒரு வினாவைத் தந்து, அதற்கு விடையாகும் நிரலை முக்கால் மணி நேரத்துக்குள் எழுதும்படி கேட்பது வழக்கம்.

விடைத்தாளில் எழுதும் மாணவன் அடித்தும் திருத்தியும் எழுதலாம். ஈற்றில் திருத்துபவர் கையை அடைவது முடிந்த வடிவமே. பகிர்வு எடிற்றரில் முடிந்த வடிவத்தோடு முடியாத வடிவமும் பார்க்கப்படுகிறது. எழுதி அழித்தது, நடுவில் விரல் நின்றது, ஒரு பெயரை மூன்று முறை மாற்றியது ஆகிய அனைத்தும் பரீட்சகரின் கண்ணுக்குப் படும். கரும்பலகையில் கணக்குச் செய்ய அழைக்கப்பட்ட பள்ளிப் பிள்ளையின் நிலையோடு இதனை ஒப்பிடலாம் எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கரும்பலகையின் முன் நிற்பவனது உடலும் பேசும். அவன் தலையைச் சொறிவதும் சோக்கட்டியை உயர்த்துவதும் அவன் சிந்திக்கிறான் என்பதை ஆசிரியருக்கு உணர்த்தும். காணொளியில் தெரிவதோ தாழ்ந்த கண்களுடைய ஒரு சிறு முகம் மட்டுமே. உடல் இழந்த பேச்சைக் குரலும் எழுத்தும் ஈடுசெய்யவேண்டியுள்ளது. இப்பரீட்சைக்கான ஆயத்தம் அனைத்தையும் இந்த ஒரு தேவையிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

இவ்வேற்பாடு நேற்றுப் பிறந்த ஒன்றன்று. 1968 டிசம்பர் 9 ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்ந்த மாநாடு ஒன்றில் டக்ளஸ் ஏங்கல்பார்ட் என்னும் ஆய்வாளர், ஏறத்தாழ முப்பது மைலுக்கு அப்பால் மென்லோ பார்க்கில் இருந்த தமது சகபாடி பில் பக்ஸ்ரனின் முகத்தையும் குரலையும் திரைக்குக் கொணர்ந்து, இருவரும் ஒரே உரையைப் பார்த்தவாறு உரையாடிக் காட்டினார். அன்று அவையோர் வியந்து நோக்கிய அதே ஏற்பாட்டின் முன்புதான் இன்று வேலை தேடும் பட்டதாரி வியர்த்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்.

ஓர் உதாரணத்தைக் கொண்டு இவ்விடயத்தை நோக்குதல் நன்று. யாழ்ப்பாணத்தில் இறுதியாண்டில் பயின்ற மாணவி ஒருவருக்கு, இலண்டனிலிருந்து இத்தகைய பரீட்சைக்கு அழைப்பு வந்தது. அழைப்பில் ‘காலை 10 மணி’ என்றிருந்ததேயன்றி, எந்நாட்டுக் காலை என்பது குறிக்கப்படவில்லை. இலண்டன் நேரமெனின் குளிர்காலத்தில் அது இலங்கையில் பிற்பகல் 3.30 ஆகும். மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று அங்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளுவதால், அதன் பின்னர் 2.30 ஆகிவிடும். பரீட்சை நாளோ ஏப்பிரல் முதல் வாரத்தில் இருந்தது. ‘இலங்கை நேரம் பிற்பகல் 2.30 எனக் கொள்கிறேன், சரிதானா?’ என ஒரு வரி எழுதி அவர் உறுதி செய்துகொண்டார். அதே மடலில் வேறு இரு வினாக்களையும் சேர்த்திருந்தார். எந்த எடிற்றர் பயன்படுத்தப்படும்? அதில் நிரலை இயக்கிப் பார்க்க இயலுமா?

இவ்விரண்டாம் வினா அற்பமானதன்று. கோடர்பாட் போன்ற தளங்களில் நிரலை எழுதியவுடன் இயக்கி விளைவைப் பார்க்கலாம். வேறு சில நிறுவனங்களோ கூகிள் டொக்ஸ் போன்ற வெறும் ஆவணத்தையே திறந்துவைக்கும். அங்கே எதையும் இயக்க முடியாது. இயங்கும் தளத்தில் பிழையைக் கணினி காட்டிக்கொடுக்கும். இயங்காத தளத்தில் எழுதியவரே வரிவரியாக மனத்தால் ஓட்டிப் பார்த்துப் பிழை காண வேண்டும். இவை இரண்டும் இருவேறு பயிற்சிகள். வெறும் ஆவணத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. கட்டுரை எழுதுவோருக்காக ஆக்கப்பட்டதாகையால், அது வரியின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும். நேரான மேற்கோட் குறியை வளைந்த குறியாக மாற்றும். நிரலில் `for` என்பது `For` ஆனால் அது நிரலன்று. வளைந்த குறியைப் பைதன் மொழி ஏற்பதுமில்லை. ஆவணத்தின் விருப்பத்தேர்வுகளில் `Automatically capitalize words`, `Use smart quotes` என்னும் இரண்டையும் நீக்கி, எல்லா எழுத்தும் ஒரே அகலமுடைய `Courier New` எழுத்துருவைத் தெரிந்துகொண்டால் இத்தொல்லை தீரும். பரீட்சகரின் ஆவணத்திலேயே எழுதவேண்டியிருப்பினும், தொடக்கத்தில் ‘எழுத்துருவை மாற்றலாமா?’ எனக் கேட்பதில் தவறில்லை.

தமிழில் தட்டச்சிடுவோருக்கு மட்டும் நேரும் ஓர் இடையூறும் உண்டு. விசைப்பலகை தமிழில் நிற்பதை மறந்து தட்டினால் நிரலுக்குப் பதிலாகத் தமிழெழுத்துக்கள் வந்து விழும். பதற்றத்தில் அது ஏனென்றும் விளங்காது. விண்டோஸ் கணினியில் `Win + Space` விசைகளால் மொழியை மாற்றலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. எனினும் அது விரலுக்குத் தெரிந்திருக்கவேண்டும். மாணவி தமிழ் விசைப்பலகையை நீக்கவில்லை. எடிற்றரைத் திறந்ததும் ஒரு வரி ஆங்கிலத்தில் தட்டிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டார். அப்பலகை பின்னர் எதிர்பாராத விதமாக உதவியது.

திரையை ஒழுங்குபடுத்துவதில் அவர் கைக்கொண்ட முறை எளியது. மடிக்கணினியின் சிறிய திரையில் காணொளியையும் எடிற்றரையும் சரிபாதியாக வைத்தால் நிரலின் நீண்ட வரிகள் மடிந்து வாசிக்க இயலாதனவாகிவிடும். ஆகவே எடிற்றர் ஏறக்குறையத் திரை முழுவதையும் நிரப்ப, காணொளிச் சாளரம் மட்டும் சிறிதாக்கப்பட்டு, மேல் விளிம்பில், கமராவுக்கு நேர் கீழே வைக்கப்பட்டது. பரீட்சகரின் முகத்தைப் பார்க்கும்போது கண் கமராவின் அருகிலேயே நிற்பதால், அவரை நோக்கிப் பேசுவது போலவே மறுபுறத்தில் தோன்றும். ஒலிக்கு, காதில் மாட்டும் சாதாரணக் கம்பி ஹெட்போன் ஒன்றே போதுமானதாயிற்று. கணினியின் ஒலிபெருக்கியைப் பயன்படுத்தினால், பரீட்சகரின் குரல் மைக்கினுள் மீண்டும் புகுந்து அவருக்கே எதிரொலிக்கும். அதனை அடக்க மென்பொருள் முயலும்போது இருவரும் ஒருசேரப் பேசுமிடங்களில் ஒருவர் குரல் வெட்டுப்படும். விசைப்பலகையின் தட்டொலியும் கணினியிலேயே உள்ள மைக்கில் இடிபோல் விழும்.

ஏனைய சாளரங்கள் யாவும் மூடப்பட்டன. இது அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. விண்ணப்பதாரி எடிற்றரை விட்டு வேறு சாளரத்துக்குச் சென்றாலோ, வெளியிலிருந்து எதையேனும் ஒட்டினாலோ அதனைப் பரீட்சகருக்கு அறிவிக்கும் வசதி சில தளங்களில் உள்ளது. தட்டிய வரிசையிலேயே முழுவதையும் பின்னர் ஓட்டிப் பார்க்கும் வசதியும் சிலவற்றில் உண்டு. ஆகவே ஆவணமொன்றைப் பார்க்கவேண்டுமெனின் முதலில் அதனைச் சொல்லிவிட்டுப் பார்ப்பதே முறை. மேசையில் வெற்றுத்தாளும் பேனாவும் வைத்திருப்பதில் குற்றமில்லை. ஆயினும் தாளில் வரைவது மறுபக்கத்தாருக்குத் தெரியாதாகையால், ‘ஒரு சிறு படம் வரைந்து பார்க்கிறேன்’ என்று சொல்லாமல் குனிந்தால் அக்குனிவு வேறு விதமாகப் பொருள்கொள்ளப்படலாம்.

மின்சாரமும் இணைப்பும் நம் நாட்டில் தனிக் கவனம் பெறவேண்டியவை. 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக்களுக்கேனும் நேர அட்டவணை இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று பட்டதே காரணம் என அமைச்சரே கூறினார்; குரங்குக்கு அட்டவணை இல்லை. மடிக்கணினியில் மின்கலம் இருப்பதால் கவலையில்லை என்று எண்ணுவோர், வீட்டிலுள்ள வைபை கருவிக்கு மின்கலம் இல்லை என்பதை மறந்துவிடுகின்றனர். வெளிச்சம் போன கணத்திலேயே அதுவும் அணைந்துவிடும். எனவே கைத்தொலைபேசியின் டேட்டாவைக் கணினிக்குப் பகிரும் ஏற்பாட்டை மாணவி முதல் நாளே ஒருமுறை இணைத்துப் பார்த்துக் கடவுச்சொல்லையும் கணினியில் பதிந்து வைத்தார். இணைப்பு முற்றாக அறாமல் நலிவடையும் வேளையில் எதை முதலில் கைவிடுவது என்பதையும் தீர்மானித்திருந்தார். காணொளியே மிகுந்த டேட்டாவை உண்பது. குரலுக்கு அதில் சிறுபகுதியே போதும். எடிற்றரில் எழுதப்படும் எழுத்துக்களுக்கோ மிகமிகச் சிறிதே தேவை. ஆதலால் குரல் உடையத் தொடங்கியதும் முதலில் கமராவை நிறுத்துவது, பின்னர் கைத்தொலைபேசி இணைப்புக்கு மாறுவது, அதுவும் பயனற்றதாயின் எடிற்றரிலேயே எழுதித் தெரிவிப்பது என வரிசை அமைந்தது.

இங்கே ஓர் ஆபத்தைச் சுட்டவேண்டும். இணைப்பு அறுந்த பின்னரும் எடிற்றர் திரையில் திறந்தே இருக்கும்; தட்டினால் எழுத்தும் விழும். ஆனால் அவ்வெழுத்து மறுபக்கத்தை அடைவதில்லை. இணைப்பு மீளும்போது சில தளங்கள் அதனைச் சேர்த்துக்கொள்ளும். சில அதனை இழந்துவிடும். பரீட்சகரின் பெயர் தாங்கிய சுட்டி திரையிலிருந்து மறைவதும், மூலையில் மறு இணைப்புப் பற்றிய அறிவித்தல் தோன்றுவதும் இதற்கான அடையாளங்கள். அவற்றைக் கண்டதும் தட்டுவதை நிறுத்துவதே தக்கது.

கருவிகளைச் சீராக்க ஒரு மாலைப்பொழுது போதும். பேச்சுப் பழக்கமோ அவ்விதம் கைவருவதன்று. மாணவி இதற்காக மூன்று நாட்கள் மாலையில், பொறியியல் பயின்று வேலையில் அமர்ந்திருந்த அயல்வீட்டு இளைஞர் ஒருவரோடு பயிற்சி செய்தார். இருவரும் வெவ்வேறு வீட்டில், வெவ்வேறு இணைப்பில் அமர்ந்தனர். ஒரே அறையில் இருந்து செய்யும் பயிற்சியால் பயன் சிறிதே. முதல் நாளிலேயே ஒரு குறை வெளிப்பட்டது. ‘இதை இங்கே கூட்டுறன், பிறகு அதை இதுக்குள்ளே போடுறன்’ என்று மாணவி விளக்கிக்கொண்டு போக, மறுபுறத்திலிருந்து இளைஞர் இடைமறித்தார்.

‘தங்கச்சி, நீர் விரலாலே காட்டுறது எனக்குத் தெரியேல்லை. எந்த வரி எண்டு இலக்கத்தைச் சொல்லும்.’

‘நாலாம் வரி, அண்ணா. எண்ணிக்கையைக் கூட்டுற இடம்.’

‘அப்பிடிச் சொன்னா விளங்குது.’

சுட்டுப்பெயர்கள் உரையாடலில் உயிர்வாழ்வது கையாலும் கண்ணாலுமே. அவ்விரண்டும் இல்லாதவிடத்து ‘இது’, ‘அது’ என்பன வெறும் ஒலியாகிவிடுகின்றன. எடிற்றரின் இடப்புறத்தில் வரியிலக்கங்கள் இருக்கின்றன; பெயரிடப்பட்ட மாறிகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லிப் பேசும் பழக்கம் மூன்று நாட்களில் ஓரளவு படிந்தது.

மற்றொரு குறை மௌனம் பற்றியது. தூர இணைப்பில் குரல் சென்று சேரச் சிறிது தாமதம் உண்டு. ஆகவே ஒருவர் வாக்கியத்தை முடித்துவிட்டாரா, இன்னும் தொடர்வாரா என்பதை மற்றவர் எளிதில் அறிய முடிவதில்லை. இருவரும் ஒருசேரத் தொடங்கி ஒருசேர நிறுத்திக்கொள்ளும் அவலம் இதனாலேயே நேர்கிறது. ஒரு கருத்தைச் சொல்லி முடித்ததும் ஒரு செக்கன் காத்திருப்பது இதற்குப் பரிகாரம். ஆனால் சிந்திக்கும் மௌனம் வேறு. அரை நிமிடத்துக்கு மேல் ஒலியும் எழுத்தும் இல்லாதிருந்தால், இணைப்பு அறுந்ததா, ஆள் திகைத்துவிட்டாரா என்பது பரீட்சகருக்குத் தெரிவதில்லை. ‘ஒரு நிமிடம் யோசிக்கிறேன்’ என்று அறிவித்துவிட்டு மௌனமாயிருப்பதில் எத்தவறும் இல்லை. சிந்தனை முழுவதையும் ஓயாது வாய்விட்டுச் சொல்லவேண்டும் எனப் பலர் ஆலோசனை கூறுகின்றனர். அது மிகையானது. விரல் தட்டும் ஒவ்வொரு சொல்லையும் வாயும் வாசித்துக்கொண்டிருந்தால் கேட்பவருக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. திரையில் தெரியாததையே குரல் சொல்லவேண்டும்: ஏன் இந்த வழி, எது விடப்பட்டது, எங்கே ஐயம் உள்ளது என்பனவற்றை.

பரீட்சை நாளில் தரப்பட்ட வினா நன்கு அறியப்பட்ட ஒன்றே. ஒரு சொல் தரப்பட்டால், அதில் ஒரேயொரு முறை மட்டும் வரும் எழுத்துக்களுள் முதலாவதைத் தரும் சார்பை எழுதவேண்டும். மாணவி உடனே நிரலைத் தொடங்கவில்லை. எடிற்றரின் உச்சியில், வினாவைத் தம் சொற்களில் இரு குறிப்பு வரிகளாக எழுதி, கீழே உதாரணங்களையும் இட்டார். `level` என்பதற்கு விடை `v`; `aabb` என்பதற்கு விடை இல்லை, ஆகவே `None`; வெற்றுச் சொல்லுக்கும் `None`. பின்னர் மூன்று ஐயங்களைக் கேட்டார். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றா? இடைவெளியும் எழுத்தாகுமா? ஆங்கில எழுத்து மட்டுமா, எம்மொழியும் வரலாமா? ‘முதலில் ஆங்கிலச் சிற்றெழுத்து மட்டும் எனக் கொள்ளுங்கள்; மற்றதற்குப் பின்னர் வருவோம்’ என்றார் பரீட்சகர். அவ்விடையும் ஒரு குறிப்பு வரியாயிற்று. பேச்சில் உடன்பட்டது எழுத்தில் இருவர் கண்முன்னும் நிற்பதால், பின்னர் ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்பதற்கு இடமில்லை.

அடுத்து, எளிய வழியை முதலில் சொன்னார். ஒவ்வோர் எழுத்தையும் ஏனைய எல்லா எழுத்துக்களோடும் ஒப்பிடலாம். ஆனால் இலட்சம் எழுத்து நீளமான உரைக்கு ஒப்பீடுகள் ஆயிரம் கோடி வரை செல்லக்கூடும். மாறாக, உரையை ஒருமுறை ஓடி ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வந்ததெனக் குறித்துக்கொண்டு, மீண்டும் ஒருமுறை ஓடி எண்ணிக்கை ஒன்றாயுள்ள முதல் எழுத்தைத் தரலாம். இலட்சம் எழுத்துக்கு இரண்டு இலட்சம் படிகளே போதும். பரீட்சகர் உடன்பட்ட பின்னரே நிரல் தொடங்கியது.

இவ்வேளையில் குரல் உடையலாயிற்று. மாணவி கமராவை நிறுத்தினார், பயனில்லை. குரல் முற்றாக நின்றது. எடிற்றரில் பரீட்சகரின் சுட்டி இன்னும் இருந்ததால் எழுத்துச் செல்கிறது என்பது தெரிந்தது. `# audio lost, switching to phone data, 1 minute` என்று ஒரு வரி எழுதினார். அடுத்த வரியில் `ok` என்னும் விடை வந்தது. ஒன்றரை நிமிடத்தில் உரையாடல் மீண்டது. தொடரவேண்டிய இடத்தை நினைவுகூர எவரும் வருந்தவில்லை. திட்டம் எழுத்தில் கிடந்தது.

எழுதப்பட்ட நிரல் பின்வருமாறு அமைந்தது.

```python
def first_single(s):
    count = {}
    for ch in s:
        count[ch] = count.get(ch, 0) + 1
    for ch in s:
        if count[ch] == 1:
            return ch
        return None
```

`vest` என்னும் சொல்லைக் கொடுத்து இயக்கியபோது `v` என்னும் சரியான விடையே வந்தது. ஆயினும் மாணவி அதனோடு நில்லாமல் உச்சியில் எழுதியிருந்த `level` என்பதைக் கொடுத்தார். `None` என வந்தது. உடனே எதையும் மாற்றாமல், வரிவரியாகச் சொல்லிக்கொண்டு போனார். ‘முதல் எழுத்து `l`, அதன் எண்ணிக்கை 2, ஆகவே ஆறாம் வரி பொய், அடுத்து எட்டாம் வரிக்கு வருகிறது, அங்கேயே சார்பு முடிந்துவிடுகிறது.’ எட்டாம் வரி இரண்டாவது `for` சுற்றின் உள்ளே தள்ளப்பட்டிருந்ததே பிழை. பைதன் மொழியில் உள்தள்ளலே கட்டமைப்பாதலாலும், எடிற்றர் முன்வரிகளைப் பார்த்துத் தானே உள்தள்ளிவிடுவதாலும் இப்பிழை அடிக்கடி நேர்வது. நான்கு வெளிகளைப் பின்னே இழுத்ததும், எட்டாம் வரி சுற்று முழுவதும் முடிந்த பின்னரே இயங்குவதாயிற்று. `level` என்பதற்கு `v` வந்தது. `vest` ஏன் பிழையைக் காட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அதன் விடை முதல் எழுத்திலேயே இருப்பதால், பிழையான வரியை நிரல் எட்டவேயில்லை. விடை நடுவிலும், விடையே இல்லாமலும் அமையும் உதாரணங்களை நிரலுக்கு முன்னரே எழுதிவைப்பதன் பயன் இதுவே. எழுதிய பின்னர் தேடும் உதாரணம் பெரும்பாலும் நிரலுக்குச் சாதகமானதாகவே அமைந்துவிடுகிறது.

எஞ்சிய பத்து நிமிடங்களில் பரீட்சகர் ஒத்திவைத்த வினாவுக்கு வந்தார். ‘வேறு மொழி வந்தால்?’ மாணவி `Win + Space` தட்டித் தமிழுக்கு மாறி, ‘பாப்பா’ எனக் கொடுத்து இயக்கினார். விடையாக வந்தது எவ்வெழுத்தும் இன்றித் தனித்து நின்ற ஒரு புள்ளி! பரீட்சகர் தமிழறியாதவர், அவருக்கு இது திரைக் கோளாறாகவே தோன்றியிருக்கும்.

காரணத்தை மாணவி இவ்வாறு விளக்கினார். யூனிகோட் முறையில் தமிழ் உயிர்மெய் ஒரே குறியாகச் சேமிக்கப்படுவதில்லை. ‘பா’ என்பது ப என்னும் குறியும் கால் என்னும் குறியுமாக இரண்டு. ‘ப்’ என்பது ப குறியும் புள்ளிக் குறியுமாக இரண்டு. ஆகவே ‘பாப்பா’ கணினிக்கு ஆறு குறிகள். அவற்றுள் ப மூன்று முறையும் கால் இரண்டு முறையும் வர, ஒருமுறை மட்டும் வருவது புள்ளியே. இதே காரணத்தால்தான் ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லுக்குப் பைதன் `len` ஐந்து என விடை தருகிறது. இலக்கணம் எழுத்தென்று கொள்வதும் கணினி குறியென்று கொள்வதும் வேறு. வினாவின் ‘எழுத்து’ என்னும் சொல்லுக்கு எப்பொருள் என்பதே உண்மையில் தீர்க்கப்படவேண்டியது.

திருத்தமும் சிறியதே. சொல்லை முதலில் எழுத்துக்களாகப் பிரித்து, அப்பட்டியலை முன்னைய சார்புக்குக் கொடுத்தால் போதும்.

```python
import unicodedata

def letters(s):
    out = []
    for ch in s:
        if out and unicodedata.category(ch).startswith("M"):
            out[-1] += ch
        else:
            out.append(ch)
    return out
```

யூனிகோட்டில் காலும் கொம்பும் புள்ளியும் போன்ற சார்ந்துவரும் குறிகளின் வகைப்பெயர் M என்னும் எழுத்தில் தொடங்கும். அத்தகைய குறி வந்தால் முந்திய எழுத்தோடு ஒட்டிவிடுவதே இச்சார்பின் தொழில். இப்போது ‘பாப்பா’ மூன்றெழுத்தாகப் பிரிந்து, விடை ‘ப்’ என வந்தது. இதற்கும் ஓர் எல்லை உண்டென்பதை மாணவியே முற்பட்டுச் சொன்னார். ‘க்ஷ’ போன்ற கிரந்தக் கூட்டெழுத்தை ஓரெழுத்தென எண்ணுவோருக்கு இது பொருந்தாது. இச்சார்பு அதனை ‘க்’, ‘ஷ’ என இரண்டாகவே பிரிக்கும். அதனையும் ஒரு குறிப்பு வரியாக எழுதிவைத்தார். பரீட்சகர் அவ்வரியின் கீழே ஒரு கேள்விக்குறியைத் தட்டி, தமிழில் எழுத்துக்கள் மொத்தம் எத்தனை என வினவினார். இருநூற்று நாற்பத்தேழு என்று விடை கூறி, அது கிரந்தம் நீங்கலான கணக்கு எனவும், ஆய்தம் உட்பட்டது எனவும் மாணவி விளக்கி முடிப்பதற்குள் குறித்த நேரம் கடந்துவிட்டிருந்தது.